பின்னட்டை எங்கே நிற்க வேண்டும்?

திண்டுக்கல் புத்தகத் திருவிழாவுக்கு எரியோட்டிலிருந்து பஸ் ஏறி வரும் வாசகர் ஒரு நாவலைக் கையில் எடுத்தால், முன்னட்டையைப் பார்த்த கையோடு புத்தகத்தைத் திருப்புவார். வாங்குவதா, திரும்ப அடுக்குவதா என்பது பெரும்பாலும் அந்தப் பக்கத்திலேயே முடிவாகிவிடும். தமிழில் நாவல் விமர்சனம் நிறைய எழுதப்பட்டிருக்கிறது. பின்னட்டைக் குறிப்பைச் செம்மைப்படுத்தும் வேலையைப் பற்றி எழுதப்பட்டது குறைவு.

இன்று நம் பின்னட்டைகளில் வருபவற்றை மூன்று வகையாகப் பிரிக்கலாம். ஒன்று, விமர்சகரின் பாராட்டு. இரண்டு, நாவலிலிருந்தோ முன்னுரையிலிருந்தோ வெட்டி எடுத்த பத்தி. மூன்று, கதையைத் தொட்டுக்காட்டும் குறிப்பு. பாராட்டு கதையைக் காட்டிக்கொடுக்காது. ஆனால் எந்தப் புத்தகத்துக்கும் பொருந்திவிடும். முன்னுரைப் பத்திதான் அதிக ஆபத்து. முன்னுரை எழுதுபவர் நாவலை முழுக்கப் படித்துவிட்டு, முடிவின் வெளிச்சத்தில் பேசுகிறார். அவருடைய நல்ல வாக்கியங்களில் பல முடிவைப் பற்றியவையாகவே இருக்கும். அதை அப்படியே பின்னட்டைக்கு மாற்றினால், படிக்காதவரிடம் படித்தவரின் முடிவுரையைக் கொடுத்ததாகிவிடும். மூன்றாம் வகையை நாவலாசிரியரே எழுதும்போதும் இதே சிக்கல் வருகிறது. கதை முழுவதும் தெரிந்தவருக்கு எது ரகசியம் என்பது மறந்துபோகிறது.

பின்னட்டை இல்லாத காலத்தில் இந்த வேலையைத் தலைப்பு செய்தது. நம் மாவட்டத்து வத்தலக்குண்டைச் சேர்ந்த பி.ஆர். ராஜமய்யர் 1893 முதல் 1895 வரை ‘விவேகசிந்தாமணி’ இதழில் எழுதிய தொடரின் முழுத் தலைப்பு ‘ஆபத்துக்கிடமான அபவாதம் அல்லது கமலாம்பாள் சரித்திரம்’. ஒரு பெண்ணின் பெயரும், அவளைச் சுற்றி ஒரு பழிச்சொல் எழப்போகிறது என்ற செய்தியும் அதில் இருக்கின்றன. பழியைக் கிளப்பியவர் யார், அது துடைக்கப்பட்டதா என்பது இல்லை. எதைச் சொல்லி எதை விடுவது என்ற கணக்கு ஐந்து சொற்களுக்குள் சரியாக அமைந்திருக்கிறது.

அதே வத்தலக்குண்டில் வளர்ந்தவர் சி.சு. செல்லப்பா. ‘எழுத்து’ இதழைத் தொடங்கிய 1959இல் அவருடைய ‘வாடிவாசல்’ வெளிவந்தது. சிறிய நாவல்; ஒரே பிற்பகல், ஒரே களம். செம்மைப்படுத்தும் வேலையைக் காட்ட இது மிகவும் தோதானது. ஏனென்றால் கதை முழுவதும் ஒரே கேள்வியை நோக்கி நகர்கிறது. ஒரு சொல் கூடினாலும் அந்தக் கேள்வி செத்துவிடும். இன்னும் படிக்காதவர்களுக்காக, நாவலின் முடிவை இக்கட்டுரையிலும் சொல்லப்போவதில்லை. கீழே இருப்பது எந்தப் பதிப்பின் பின்னட்டையும் அல்ல. வழக்கமான பிழைகள் தெரியும்படி நானே எழுதிய வரைவு:

“உசிலனூர் அம்புலியின் மகன் பிச்சி, மச்சான் மருதனுடன் செல்லாயி ஜல்லிக்கட்டுக்கு வருகிறான். தன் அப்பாவைக் குத்திக் கொன்ற ஜமீன்தாரின் காரிக்காளையைப் பழிதீர்ப்பதே அவன் நோக்கம். வாடிபுரம் காளையை அடக்கிவிட்டுக் காரியின் முன் நிற்கிறான். மனிதனுக்கும் விலங்குக்குமான உறவின் ஆழத்தைத் தொடும், அதிர்ச்சியூட்டும் முடிவு கொண்ட ஒப்பற்ற படைப்பு.”

மூன்றாம் வாக்கியத்துக்குப் பின் இன்னொரு வாக்கியம் இருந்தது. காரியின் முன் நின்ற பிறகு என்ன நடந்தது என்பதை அது சொன்னது. அதை அடிக்க யாருக்கும் தயக்கம் வராது. கவனம் தேவைப்படுவது மிச்சமிருப்பவற்றில்தான்.

முதலில் வாடிபுரம் காளை. இது முடிவு அல்ல என்பதால் சொல்லலாம் என்று தோன்றும். ஆனால் நாவலின் நடுவில் வாசகர் மூச்சைப் பிடித்துக்கொண்டு படிக்கும் பகுதி அது. விளைவு முன்பே தெரிந்தால் அத்தனை பக்கங்களும் வெறும் வர்ணனையாகிவிடும். பின்னட்டை பொதுவாக நாவலின் முதல் கால் பகுதிக்குள் தெரியவருவதோடு நின்றுவிட வேண்டும் என்பது இதனால்தான்.

அடுத்தது ‘அதிர்ச்சியூட்டும் முடிவு’. இதில் கதை எதுவும் இல்லை. ஆனாலும் இது காட்டிக்கொடுக்கிறது. முடிவில் ஒரு திருப்பம் உண்டு என்று தெரிந்த வாசகர், எதிர்பார்க்கக்கூடிய முடிவுகளை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே படிப்பார். கடைசியில் மிஞ்சுவது சரியான விடையாகவே இருக்கும். ‘எதிர்பாராத’, ‘யாரும் நினைக்காத’ போன்ற சொற்களுக்கும் இதுவே கதி.

அப்பாவின் மரணத்தை என்ன செய்வது? களத்தில் ஒரு கிழவரோடு நடக்கும் பேச்சில் அது மெல்ல வெளிப்படுகிறது. மறைத்தால் அந்தப் பேச்சின் சுவை காப்பாற்றப்படும்; ஆனால் பிச்சி எதற்காக வந்தான் என்பதே தெரியாமல் போகும், புத்தகத்தை வாங்கக் காரணம் இருக்காது. ஆகவே சொல்லலாம். ‘பழிதீர்ப்பது’ என்ற சொல்லை மட்டும் எடுத்துவிட வேண்டும். அது நாவலைப் பழிவாங்கும் கதையாகச் சுருக்குகிறது.

கடைசியாக, வரைவில் ஜமீன்தார் காரிக்கு அடைமொழியாக மட்டும் வருகிறார். கதையில் அவருடைய மானமும் பணயத்தில் இருக்கிறது. ‘அடக்குவானா?’ என்ற கேள்விக்கு இரண்டே விடைகள். வாசகர் நின்றபடியே ஊகித்துவிடுவார். ‘அடக்கினால் அந்த மானம் என்னாகும்?’ என்பது அடுத்த கேள்வியைத் திறக்கிறது. அதேசமயம் ஜமீன்தாரின் ‘கோபம்’ என்றோ ‘தீர்ப்பு’ என்றோ எழுதிவிடக் கூடாது. ‘மானம்’ நிலைமையைச் சொல்கிறது; மற்ற இரண்டும் செயலைச் சொல்லிவிடுகின்றன. திருத்திய வடிவம் இது:

“செல்லாயி ஜல்லிக்கட்டு. கூட்டத்தோடு கூட்டமாக நிற்கிறான் பிச்சி. பக்கத்தில் மச்சான் மருதன். அவன் வந்திருப்பது ஒரு காளைக்காக. அவனுடைய அப்பாவின் உயிரைக் குடித்த காரி. பெரியபட்டி ஜமீன்தாரின் மாடு. அதன் திமிலில் விழும் கை, காளையை மட்டுமல்ல, அதை வளர்த்தவரின் மானத்தையும் தொடும்.”

பாராட்டு ஒன்றுகூட இல்லை. கடைசி வாக்கியம் காளை வெளியே வருவதற்கு முன்பே நின்றுவிடுகிறது. தவசிமடை ஜல்லிக்கட்டைப் பார்த்தவருக்குத் திமில் என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை. சென்னையில் வாங்குபவருக்கும் பொருள் புரிந்துவிடும்.

முடிவு தெரிந்தால் வாசிப்பு கெடும் என்பதே தவறு என்று வாதிடுவோரும் உண்டு. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் லெவிட், கிறிஸ்டன்ஃபெல்ட் இருவரும் 2011இல் வெளியிட்ட ஆய்வில், முடிவை முன்பே அறிந்தவர்கள் சிறுகதைகளைச் சற்றுக் கூடுதலாகவே ரசித்தார்கள். பின்னர் வந்த வேறு சோதனைகள் எதிரான விடையையும் தந்தன. எப்படியானாலும் அந்த ஆய்வு பின்னட்டைக்குப் பொருந்தாது. அங்கே கதை வாசகரின் கையில் கொடுக்கப்பட்டது. கடையில் நிற்பவர் படிப்பதா வேண்டாமா என்றே இன்னும் தீர்மானிக்கவில்லை.

குறிப்பு தேறியதா என்று அறிய இரண்டு பேர் போதும். நாவலைப் படிக்காத ஒருவரிடம் கொடுத்து, கதை எப்படி முடியும் என்று கேளுங்கள். அவர் தயங்காமல் சரியாகச் சொன்னால் எங்கோ ஒரு சொல் கசிகிறது; அடித்துவிட்டு வேறொருவரிடம் கொடுங்கள். படித்த ஒருவரிடமும் கொடுங்கள். ‘இது அந்தப் புத்தகமே இல்லை’ என்று அவர் சொன்னால், ரகசியம் காக்கப்பட்டிருக்கிறது, வாசகர் ஏமாந்திருக்கிறார். இந்த இரண்டாவது பிழை முதலாவதைவிட மோசமானது. முடிவு தெரிந்த புத்தகத்தைக்கூட மனிதர்கள் மறுபடி படிப்பார்கள், ஏமாற்றிய பதிப்பகத்தின் அடுத்த புத்தகத்தைத் திருப்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.