கேட்டுக்கு 3.3 வோல்ட் போதுமா: 12 வோல்ட் வால்வுக்கு ஏற்ற மாஸ்ஃபெட் எது?

ESP32 போன்ற மைக்ரோகண்ட்ரோலரின் பின் தருவது 3.3 வோல்ட், மின்னோட்டமோ சில பத்து மில்லிஆம்பியர்தான். தோட்டத்துச் சொட்டுநீர்க் குழாயில் பொருத்தும் 12 வோல்ட் சொலினாய்டு வால்வு சுமார் 0.4 ஆம்பியர் கேட்கும். சிறிய பம்பு மோட்டார் என்றால் ஓடும்போது 2 ஆம்பியர். இரண்டுக்கும் நடுவே ஒரு என்-சேனல் மாஸ்ஃபெட்டை வைக்க வேண்டும். சுமையின் ஒரு முனை 12 வோல்ட்டில், மறுமுனை டிரெய்னில், சோர்ஸ் தரையில், கேட் மைக்ரோகண்ட்ரோலர் பின்னில், இரண்டு பக்கத் தரையும் ஒன்றாக. சுற்று இவ்வளவுதான். சிக்கல் எந்த மாஸ்ஃபெட் என்பதில் இருக்கிறது. பொழுதுபோக்குக்காகச் செய்பவர்களின் கையில் அதிகம் புழங்கும் IRF520, IRLZ44N, AO3400A ஆகிய மூன்றையும் இந்த ஒரே வேலைக்கு நிறுத்திப் பார்க்கலாம்.

தேர்வில் பலர் சறுக்குவது டேட்டாஷீட்டில் VGS(th) என்ற வரியில்தான். IRLZ44N-க்கு அங்கே 1 முதல் 2 வோல்ட் என்று போட்டிருக்கிறது. நம் பின் 3.3 வோல்ட் தருகிறது, தாராளம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அதே வரியின் ஓரத்தில் சிறிய எழுத்தில் இன்னொரு எண் உண்டு: 250 மைக்ரோஆம்பியர். அதாவது மாஸ்ஃபெட் மெல்லக் கசியத் தொடங்கும் புள்ளியைத்தான் அந்த வரி சொல்கிறது. நம் வால்வுக்கு வேண்டிய 0.4 ஆம்பியர் அதைப்போல 1600 மடங்கு. கதவின் தாழ் விலகும் இடத்தை, கதவு முழுக்கத் திறந்த இடமாக எடுத்துக்கொள்வது போன்ற தவறு இது. பார்க்க வேண்டிய வரி RDS(on). அதிலும் மில்லிஓம் எண்ணைவிட, அந்த எண் எந்த கேட் வோல்ட்டேஜில் அளக்கப்பட்டது என்பதே முக்கியம். உங்கள் பின் தரும் வோல்ட்டேஜோ அதைவிடக் குறைந்ததோ அந்த வரியில் இருந்தால், தயாரிப்பாளர் அந்த இடத்தில் பொறுப்பேற்கிறார். இல்லையென்றால் பொறுப்பு உங்கள் தலையில்.

இந்த அளவுகோலில் IRF520 முதல் சுற்றிலேயே வெளியேறுகிறது. அதன் 0.27 ஓம் என்பது கேட்டில் 10 வோல்ட் கொடுத்தால் மட்டுமே கிடைப்பது. தொடக்கப் புள்ளியே 2 முதல் 4 வோல்ட் வரை எங்கும் இருக்கலாம். ஆகவே 3.3 வோல்ட்டில் ஒரு துண்டு அரைகுறையாகக் கடத்தும், இன்னொன்று அசையவே அசையாது. இதையே ஸ்க்ரூ டெர்மினலோடு சின்னப் பலகையில் பொருத்தி, மைக்ரோகண்ட்ரோலருக்கான மாட்யூல் என்று விற்கிறார்கள். விலை மலிவு, பார்க்கவும் வசதி. ஆனால் உள்ளே இருப்பது இந்த வேலைக்கான பொருள் அல்ல.

"அந்த மாட்யூலில் என் வால்வு ஒழுங்காகத் திறக்கிறதே" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. 0.4 ஆம்பியர் சிறிய சுமை. கேட்டில் 5 வோல்ட் தரும் பலகையாக இருந்து, வந்த துண்டும் நல்லதாக அமைந்தால் வால்வு திறக்கும். அதே மாட்யூலில் 2 ஆம்பியர் மோட்டாரை மாட்டிப் பார்த்தால் கதை மாறும். மாஸ்ஃபெட் முழுக்கத் திறக்காமல் தன் மேல் 2 வோல்ட்டைப் பிடித்துவைத்துக்கொண்டால், 2 × 2 = 4 வாட் அதற்குள்ளேயே வெப்பமாகிறது. ஹீட்சிங்க் இல்லாத TO-220 உறை ஒரு வாட்டுக்குச் சுமார் 62 டிகிரி ஏறும். நான்கு வாட்டுக்கு ஏறக்குறைய 250 டிகிரி. அதற்குள் மாஸ்ஃபெட் செத்துவிடும். "ஹீட்சிங்க் வைத்தால் போயிற்று" என்பார்கள். உயிர் தப்பும், ஆனால் மோட்டாருக்கு 12-க்குப் பதில் 10 வோல்ட்தான் போகும். நோய் கேட்டில் இருக்க, மருந்தை உடம்பெல்லாம் பூசுவதில் பயனில்லை.

IRLZ44N-இன் நிலை வேறு. அதன் டேட்டாஷீட் 5 வோல்ட்டில் 25 மில்லிஓம், 4 வோல்ட்டில் 35 மில்லிஓம் என்று உறுதி தருகிறது. 5 வோல்ட் பின் உள்ள ஆர்டுயினோ ஊனோவுக்கு இது அருமையான தேர்வு. 2 ஆம்பியரில் 0.1 வாட்தான் வீணாகும், ஹீட்சிங்க் தேவையே இல்லை. ஆனால் உறுதி 4 வோல்ட்டோடு நின்றுவிடுகிறது. 3.3 வோல்ட்டிலும் இது பெரும்பாலும் நன்றாகவே கடத்தும். வளைவரைபடமும் அப்படித்தான் காட்டும். ஆனால் அந்த வரைபடம் சராசரித் துண்டைப் பற்றியது. கடையில் உங்கள் கைக்கு வருவது சராசரியாகத்தான் இருக்கும் என்று யாரும் எழுதித் தரவில்லை. "லாஜிக் லெவல்" என்ற பட்டம் 5 வோல்ட் லாஜிக்கை மனதில் வைத்து வந்தது என்பதை 3.3 வோல்ட்காரர்கள் மறக்கக் கூடாது.

AO3400A இந்த இடைவெளியை நிரப்புகிறது. 2.5 வோல்ட்டிலேயே 48 மில்லிஓமுக்கு மேல் போகாது என்று அதன் டேட்டாஷீட் சொல்கிறது. வால்வின் 0.4 ஆம்பியருக்கு 0.02 வோல்ட்கூட வீணாகாது. வெப்பம் 8 மில்லிவாட். 2 ஆம்பியர் மோட்டாருக்கு 0.19 வாட், தொட்டால் இளஞ்சூடு. எதிர்ப்பு ஒன்று உண்டு: இது அரிசி அளவு SOT-23 உறை, பிரெட்போர்டில் செருக முடியாது. உண்மைதான், ஒரு சிறிய அடாப்டர் பலகை வேண்டும். அந்த ஐந்து நிமிடச் சால்டரிங்குக்கு அஞ்சி தவறான மாஸ்ஃபெட்டை எடுப்பதில் அர்த்தமில்லை.

அதன் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். மோட்டாரின் சுருள் மின்தடை 1.5 ஓம் என்றால், கிளம்பும் நொடியிலும் சிக்கிக்கொண்டாலும் அது இழுப்பது 12 ÷ 1.5 = 8 ஆம்பியர். அப்போது AO3400A-க்குள் 3 வாட். அந்த அரிசி உறை தாங்காது. அங்கே TC4427 போன்ற கேட் டிரைவரை 12 வோல்ட்டில் வைத்து, அதன் வழியே கேட்டை இயக்குவது நல்லது. 3.3 வோல்ட் சிக்னலை அது ஏற்கும், கேட்டுக்கு 12 வோல்ட் தரும். அதன்பின் சாதாரண IRFZ44N-உம் தன் 17.5 மில்லிஓமை முழுதாகத் தரும். லாஜிக் லெவல் தேவையே இல்லை.

எந்த மாஸ்ஃபெட் ஆனாலும் இரண்டு துணைகள் தவறக் கூடாது. கேட்டுக்கும் தரைக்கும் இடையே 10 கிலோஓம். இல்லையென்றால் மைக்ரோகண்ட்ரோலர் எழும் நொடிகளில் கேட் அந்தரத்தில் தொங்கி, வால்வு தானாகத் திறக்கலாம். சுமைக்குக் குறுக்கே தலைகீழாக ஒரு டயோடு. வால்வுக்கு 1N4007 போதும், பல்ஸ் கொடுத்து வேகம் மாற்றும் மோட்டாருக்கு அது மந்தம், 1N5822 போன்ற ஷாட்கி வேண்டும்.

வாங்கியது சரிதானா என்று அறிய மல்டிமீட்டர் போதும். சுமை ஓடும்போது டிரெய்னுக்கும் சோர்ஸுக்கும் இடையே வோல்ட்டேஜை அளந்து பாருங்கள். 2 ஆம்பியரில் 0.1 வோல்ட் அளவில் காட்டினால் மாஸ்ஃபெட் முழுக்கத் திறந்திருக்கிறது. அரை வோல்ட்டைத் தாண்டினால் உடனே நிறுத்திவிட்டு, கேட் வோல்ட்டேஜையும் துண்டின் எண்ணையும் சரிபாருங்கள். 3.3 வோல்ட் பின்னுக்கு, 2 ஆம்பியர் வரையிலான சுமைக்கு, என் தேர்வு AO3400A. 5 வோல்ட் பின்னுக்கு IRLZ44N. IRF520 மாட்யூலைக் கடையிலேயே விட்டுவிடுங்கள்.