ஒரே இயந்திரம், இரண்டு கணக்கு: ஆஸ்டின் டவுனிலும் யாழ்ப்பாணத்திலும் தேய்மானம்

பெங்களூரு ஆஸ்டின் டவுனில் ஒரு சிறிய அச்சுக் கடை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஐந்து லட்சம் ரூபாய்க்கு ஓர் அச்சு இயந்திரமும், ஐம்பதாயிரம் ரூபாய்க்கு ஒரு கணினியும் வாங்கியிருக்கிறார்கள். யாழ்ப்பாணத்திலும் அதே மாதிரி ஒரு கடை. நாணயம் வேறு என்றாலும், ஒப்பிடுவதற்காக அங்கும் அதே தொகைகள் என்று கொள்வோம். இரண்டு நாட்டிலும் வரிக் கணக்கின் ஆண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரைதான். பொருளின் விலையை வாங்கிய ஆண்டிலேயே முழுச் செலவாக எழுத முடியாது, ஆண்டுக்குக் கொஞ்சமாகத்தான் கழிக்க வேண்டும் என்பதும் இரண்டுக்கும் பொது. எவ்வளவு கழிப்பது, பொருளை விற்றால் என்ன செய்வது என்ற இரண்டு இடங்களில்தான் வழி பிரிகிறது.

இந்தியாவில் வருமான வரிக்கான தேய்மானம் குறையும் மதிப்பின் மேல் கணக்கிடப்படுகிறது. பொதுவான இயந்திரங்களுக்கு 15 சதவீதம். மென்பொருளோடு சேர்த்துக் கணினிக்கு 40 சதவீதம். கணினிக்கு முன்பு 60 சதவீதம் இருந்தது. ஐம்பதாயிரம் ரூபாய்க் கணினிக்கு முதல் ஆண்டு 20,000 கழியும். மீதி 30,000இல் அடுத்த ஆண்டு 12,000, அதற்கடுத்த ஆண்டு 7,200 என்று தொகை இறங்கிக்கொண்டே போகும். ஐந்தாம் ஆண்டு முடிவில் 3,888 ரூபாய் நிற்கும். அது என்றுமே பூஜ்யமாகாது.

இலங்கையில் 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம் நேர்கோட்டு முறையைப் பின்பற்றுகிறது. கணினிக்கு ஐந்து ஆண்டு. உற்பத்தி இயந்திரத்துக்கும் ஐந்து ஆண்டு. கணினிக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் வீதம் கழித்தால் ஐந்தாம் ஆண்டில் கணக்கு தீர்ந்துவிடும். தனியாக வாங்கும் மென்பொருள் அங்கே தொட்டுணர முடியாத சொத்து என்ற வேறு வகுப்பில் சேர்ந்து, அதன் பயன்பாட்டுக் காலத்துக்கு ஏற்பக் கழிகிறது.

கணினியை மட்டும் பார்த்தால் இந்தியக் கடைக்கே முதலில் ஆதாயம். இரண்டு ஆண்டில் விலையில் 64 சதவீதம் கழிந்திருக்கும். யாழ்ப்பாணத்தில் 40 சதவீதம்தான். இயந்திரத்தில் நிலை தலைகீழ். ஆஸ்டின் டவுன் இயந்திரத்துக்கு 15 சதவீத வீதத்தில் ஐந்து ஆண்டில் 2,78,147 ரூபாய்தான் கழியும். 2,21,853 ரூபாய் மீதி இருக்கும். யாழ்ப்பாணத்தில் அதே ஐந்து ஆண்டில் ஐந்து லட்சமும் கழிந்துவிடும்.

வாங்கிய தேதியிலும் ஒரு வேறுபாடு உண்டு. இந்தியாவில் வாங்கிய ஆண்டில் பொருள் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்பட்டிருந்தால் பாதி வீதம்தான். சாதாரண ஆண்டில் அக்டோபர் 3ஆம் தேதிக்குள் ஓட்டத் தொடங்கினால் முழு வீதம். மறுநாள் என்றால் பாதி. பில் செப்டம்பரில் இருந்தால் மட்டும் போதாது, பொருள் வேலைக்கு வந்த நாளே கணக்கு. இலங்கைச் சட்டமோ ஆண்டின் கடைசி நாளில் பொருள் உங்களுடையதாகவும் தொழிலில் பயன்படுவதாகவும் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறது. மார்ச் மாதம் வாங்கி ஓட்டினாலும் அந்த ஆண்டுக்கு உரியது முழுதாகக் கிடைக்கும். ஆண்டு நடுவில் விற்றுவிட்ட பொருளுக்கு அந்த ஆண்டின் கழிவு இல்லை.

இனி இந்தியாவின் சொத்துத் தொகுதிக்கு வருவோம். ஆடிட்டர்கள் பிளாக் என்பது இதைத்தான். 1986ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் வந்து, 1988-89 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முன் இந்தியாவிலும் ஒவ்வொரு பொருளுக்கும் தனிக் கணக்குதான். அந்த ஏட்டு வேலையின் சுமையைப் பொருளாதார நிர்வாகச் சீர்திருத்த ஆணையம் எடுத்துச் சொன்ன பிறகு மாற்றம் வந்தது. ஒரே வகையைச் சேர்ந்து ஒரே வீதம் உள்ள பொருள்கள் எல்லாம் ஒரு தொகுதி. அவற்றுக்குள் தனிப் பொருளின் மதிப்பு கரைந்துவிடும். 2026 ஏப்ரலிலிருந்து நடைமுறைக்கு வரும் 2025ஆம் ஆண்டின் புதிய சட்டமும் இந்தத் தொகுதி முறையைத் தொடர்கிறது.

ஆஸ்டின் டவுன் கடையின் கணினித் தொகுதியில் ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு லட்சம் ரூபாய் இருக்கிறது என்போம். ஜூனில் 60,000க்கு ஒரு கணினி, நவம்பரில் 40,000க்கு இன்னொன்று. பழைய கணினி ஒன்றை 20,000க்கு விற்கிறார்கள். வாங்கியதைக் கூட்டி, விற்ற பணத்தைக் கழித்தால் 1,80,000. நவம்பரில் வந்த 40,000க்குப் பாதி வீதத்தில் 8,000. மற்ற 1,40,000க்கு 40 சதவீதத்தில் 56,000. மொத்தத் தேய்மானம் 64,000. அடுத்த ஆண்டுக்குப் போவது 1,16,000. விற்ற கணினியை என்ன விலைக்கு வாங்கினோம், அதன் மீதி மதிப்பு என்ன என்ற கேள்வியே எழவில்லை.

யாழ்ப்பாணத்தில் அந்தக் கேள்விதான் முதலில் வரும். அந்தப் பழைய கணினி 50,000க்கு வாங்கி இரண்டு ஆண்டு கழிவு பெற்றது என்றால் மீதி மதிப்பு 30,000. 20,000க்கு விற்றதால் வந்த 10,000 ரூபாய் நட்டம் அந்த ஆண்டே தொழில் வருமானத்திலிருந்து கழியும். 35,000க்கு விற்றிருந்தால் 5,000 ரூபாய் வருமானத்தில் சேரும்.

தொகுதியின் குணம் முழுதாகத் தெரிவது பெரிய பொருளை விற்கும்போதுதான். ஆறாம் ஆண்டில் இரண்டு கடையும் அச்சு இயந்திரத்தை ஒன்றரை லட்சத்துக்கு விற்கின்றன. யாழ்ப்பாணத்தில் மதிப்பு ஏற்கெனவே பூஜ்யம் என்பதால் ஒன்றரை லட்சமும் வருமானம். கழித்தது ஐந்து லட்சம், திரும்ப வந்தது ஒன்றரை லட்சம். உண்மையான செலவான மூன்றரை லட்சம் தொழில் கணக்கிலேயே நேராகிவிடுகிறது.

ஆஸ்டின் டவுனில் இரண்டு வழி உண்டு. அந்த 15 சதவீதத் தொகுதியில் அந்த இயந்திரம் மட்டுமே இருந்தால், விற்றதும் தொகுதி காலியாகிறது. மீதி மதிப்புக்கும் விற்பனைக்கும் இடையிலான 71,853 ரூபாய் குறுகிய கால மூலதன நட்டம். அதைக் கடை லாபத்தில் கழிக்க முடியாது. மூலதன ஆதாயம் வந்தால்தான் ஈடுகட்டலாம், எட்டு ஆண்டுவரை எடுத்துச் செல்லலாம். பல சிறு கடைகளுக்கு அப்படி ஓர் ஆதாயம் வருவதே இல்லை. ஆனால் கடையின் பெயரில் ஒரு ஸ்கூட்டரோ ஒரு ஜெராக்ஸ் மெஷினோ அதே 15 சதவீதத் தொகுதியில் இருந்தால் தொகுதி உயிரோடு இருக்கும். அந்த 71,853 ரூபாய் அதற்குள்ளேயே தங்கி, ஆண்டுதோறும் தேய்மானமாகக் கழிந்துகொண்டிருக்கும். மாறாக, விற்ற பணம் தொகுதியின் மொத்த மதிப்பைத் தாண்டினால், வேறு பொருள்கள் மீதி இருந்தாலும் மிஞ்சியது குறுகிய கால மூலதன ஆதாயம்.

ஆகவே எந்தப் பொருள் எந்தத் தொகுதியில் சேரும் என்பதில் கவனம் வேண்டும். கணினியோடு சேர்ந்தே இயங்கும் பிரின்டரும் ஸ்கேனரும் கணினியின் பகுதியே என்று தில்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது; அவற்றை 15 சதவீதத்தில் போட்டால் கடைக்குத்தான் இழப்பு. தனியே இயங்கும் ஜெராக்ஸ் மெஷின் 15 சதவீதத்தில் நிற்கும்.

லாபம் குறைந்த ஆண்டில் தேய்மானத்தை எழுதாமல் பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் இரண்டு நாட்டிலும் உண்டு. இரண்டு சட்டமும் இதற்கு இடம் தரவில்லை. இந்தியாவில் நீங்கள் கேட்காவிட்டாலும் கழிந்ததாகவே மதிப்பு குறைக்கப்படும். விற்பனையில் குறிப்பிட்ட சதவீதத்தை லாபமாகக் காட்டும் உத்தேச வரி முறையில் இருக்கும் கடைகளுக்கும் இதே விதி. அந்த ஆண்டுகளில் தேய்மானம் தனியாகக் கிடைக்காது, மதிப்பு மட்டும் இறங்கியிருக்கும். பிறகு முழுக் கணக்குக்கு மாறும் நாளில் பழைய மதிப்பை அப்படியே எடுத்து எழுதுவதுதான் நான் அடிக்கடி காணும் பிழை.

யாழ்ப்பாணக் கடைக்காரர் பொருளுக்கு ஒரு பதிவு வைத்து விலை, ஆண்டு, மீதி மூன்றையும் எழுதிவைக்க வேண்டும். அந்த ஏடு இல்லாமல் விற்ற நாளின் லாப நட்டம் தெரியாது. ஆஸ்டின் டவுன் கடைக்காரருக்குச் சட்டம் அந்த ஏட்டைக் கேட்கவில்லை. ஆனாலும் பொருள் வேலைக்கு வந்த தேதியையும், தொகுதியில் இன்னும் எந்தெந்தப் பொருள் மீதி இருக்கிறது என்பதையும் அவர் எழுதி வைத்திருக்க வேண்டும். கடைசி இயந்திரத்தை விற்கும் முன் அந்தப் பட்டியலைப் பார்ப்பவருக்கு, 71,853 ரூபாய் எந்தப் பக்கம் போய் விழும் என்பது முன்கூட்டியே தெரியும்.