தோண்டியில் தண்ணீர் இருந்ததா?

போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் மலைப்பாதையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். ஏலக்காய் விலை பற்றி எழுதப் போன இடத்தில், விடிகாலை பஸ்ஸைக் கோட்டை விட்டுவிட்டு, காய் எடுக்கப் போகும் பெண்களை ஏற்றிச் செல்லும் ஜீப்பில் தொற்றிக்கொண்டேன். முன் சீட்டில் நானும், ரிட்டயரான ஒரு தமிழ் வாத்தியாரும். பின்னால் எத்தனை பேர் என்று எண்ண முடியவில்லை. டிரைவர் தம்பி பாட்டைப் போட்டார்.

நந்தவனத்து ஆண்டி பாட்டு. உங்களுக்கும் தெரிந்திருக்கும். கடுவெளிச் சித்தர் பாடியது. ஓர் ஆண்டி, மாதக்கணக்கில் குயவனிடம் வேண்டி, ஒரு தோண்டியை வாங்கி வருகிறான். பிறகு கூத்தாடிக் கூத்தாடி அதைப் போட்டு உடைத்துவிடுகிறான். நாலே வரிக் கதை. சின்ன வயதில் பாடிவிட்டுச் சிரித்திருப்போம்.

"இதுக்கு என்ன சார் அர்த்தம்? ஆண்டி புதையல் தோண்டுனாரா?" என்றார் டிரைவர்.

சிரிக்காதீர்கள். வீட்டில் பிளாஸ்டிக் குடம் மட்டுமே பார்த்து வளர்ந்தவருக்குத் 'தோண்டி' என்றால் மண்ணைத் தோண்டுவதுதான் நினைவுக்கு வரும். அது பெயர்ச்சொல், கிணற்றில் நீர் மொள்ளும் சின்னப் பானை என்று தெரியாவிட்டால் பாட்டின் கதவே திறக்காது. பக்திப் பாட்டைப் படிக்கிறவர் முதலில் செய்ய வேண்டியது தத்துவம் தேடுவது அல்ல. பொருள் தெரியாத ஒரு சாதாரணச் சொல்லைத் தேடுவது.

அடுத்த சிக்கல் கணக்கு. ஆண்டி வேண்டியது எத்தனை மாதம்? பாட்டில் இருக்கும் சொல் 'நாலாறு'. நான் பி.காம். "நாலு பெருக்கல் ஆறு, 24 மாசம்" என்றேன். வாத்தியார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

"ஈராறு கைன்னா பன்னிரண்டு. அங்கே பெருக்கல், சரி. நாலைந்து பேர் வந்தாங்கன்னா இருபது பேரா? அங்கே 'அல்லது'. பதினாறுன்னா? பத்தும் ஆறும். அங்கே கூட்டல். தமிழ்ல ரெண்டு எண்ணைச் சேர்த்து எழுதினா இந்த மூணுல எதுவா வேணும்னாலும் இருக்கலாம். எதுன்னு பாட்டுதான் சொல்லணும்."

பாட்டு என்ன சொல்கிறது? இங்கேதான் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். ஒரு மண்பானைக்காக யாராவது மாதக்கணக்கில் கெஞ்சுவார்களா? சந்தையில் சில்லறைக்குக் கிடைக்கிற பொருள். மேல்கதை நொண்டுகிறது. உருவகம் ஒளிந்திருக்கும் இடத்துக்கு இதுதான் அடையாளம். கதை தானாகவே சரியாக நடந்தால் அதற்குள் நோண்டாதீர்கள். நடுவில் ஓர் இடம் இடறினால், காலடியில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

கூட்டிப் பாருங்கள். நாலும் ஆறும் பத்து. பத்து மாதம் காத்திருந்து, மண்ணில் செய்து தரப்படும் பாத்திரம் எது? உடம்பு. குயவன் பிரம்மா. ஆண்டி உயிர். நாம் பத்து மாதம் என்பது 28 நாள் மாதக் கணக்கு. 280 நாள், டாக்டர்கள் சொல்கிற 40 வாரம். என் 24 அப்போதே அடிபட்டுப் போனது.

ஆனாலும் விடாமல், "சைவ சித்தாந்தத்துல ஆன்ம தத்துவம் 24ன்னு சொல்றாங்களே, அதா இருக்கலாமே?" என்றேன். "பாட்டுல மாசம்னு இருக்கே. தத்துவத்தை மாசத்தால அளப்பீங்களா?" என்றார். எண் பொருந்துகிறது என்பதற்காகப் பக்கத்தில் நிற்கும் சொல்லைத் தள்ளிவிட முடியாது. நம் உரையாசிரியர்கள் சிலரே இந்தப் பள்ளத்தில் விழுந்திருக்கிறார்கள்.

உடம்பு என்ற விடை சரிதான் என்பதற்கு இன்னொரு சாட்சி உண்டு. இந்த நாலு வரி தனிப்பாட்டு அல்ல. பாவம் செய்யாதே என்று மனசுக்குச் சொல்லித் தொடங்கும் நீண்ட பாட்டின் ஒரு துண்டு. அதே பாட்டில் உடம்பை நீர்மேல் குமிழி என்று வெளிப்படையாகவே சொல்கிறார் சித்தர். கஞ்சாப் புகை வேண்டாம், கள் வேண்டாம் என்றும் சொல்கிறார். நாம் பிரபலமான வரிகளை மட்டும் பிய்த்து எடுத்துக்கொண்டு, விடுகதை என்கிறோம். விடை பக்கத்திலேயே அச்சாகியிருக்கிறது.

போடிமெட்டில் டீக்கு ஜீப் நின்றது. பனியில் எதிர்க்கடை தெரியவில்லை. முடிந்தது என்றுதான் நினைத்தேன். உடம்பு நிலையில்லாதது, உடைந்துபோகும். எல்லாச் சித்தர்களும் சொல்வதுதானே?

பின் சீட்டிலிருந்து இறங்கிய ஒரு வயதான அம்மா, இரண்டு கையாலும் கிளாஸைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "ஏந்தம்பி, அப்ப செடிக்கு யாரு தண்ணி ஊத்துனது?"

"எந்தச் செடிக்கும்மா?"

"நந்தவனம்னு தானே பாடுறான். பூஞ்செடி இருக்குமில்ல. அதுக்கு ஊத்தத்தானே தோண்டி?"

வாத்தியாரும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஆண்டியை மொழிபெயர்த்தோம், குயவனை மொழிபெயர்த்தோம், பானையை மொழிபெயர்த்தோம். நந்தவனத்தை மட்டும் ஏதோ சினிமா செட்டிங் மாதிரி விட்டுவிட்டோம். நந்தவனம் என்பது பொழுதுபோகும் பூங்கா அல்ல. சாமிக்குப் பூ எடுக்கும் தோட்டம். சோழர் காலக் கல்வெட்டுகளில் திருநந்தவனத்துக்கு நிலம் விட்ட செய்திகள் உண்டு. நீர் இறைத்து, பூப் பறித்து, மாலை கட்டிக் கொடுப்பது பண்டாரங்களின் வேலையாக இருந்தது. அந்த ஆண்டிக்கு அங்கே ஒரு வேலை இருந்தது. தோண்டி அதற்கான கருவி.

இப்போது பாட்டை மறுபடி படியுங்கள். பானை உடைந்தது என்பது அதன் துக்கம் இல்லை. மண்பானை எப்படியும் ஒருநாள் உடையும். எங்கள் காமர்ஸ் பாஷையில் தேய்மானம், அதற்காக எந்தக் கணக்குப்பிள்ளையும் அழமாட்டான். இவன் தோண்டி தண்ணீரைத் தொட்டதாகப் பாட்டில் எங்கேயுமே இல்லை! வாங்கினான், ஆடினான், உடைத்தான். நடுவில் இருக்க வேண்டிய ஒரே வேலை காணோம். ஆட்டத்தை மட்டும் சித்தர் இரண்டு தடவை சொல்கிறார். கைதவறி விழுந்ததல்ல. ஆடி ஆடி உடைத்தது. நிலையாமைப் பாட்டு என்று நினைத்திருந்தது, வீணடித்ததைப் பற்றிய பாட்டாக மாறிவிட்டது.

ஜீப் மறுபடி கிளம்பியபோது எனக்கு வேறொரு பானை ஞாபகம் வந்தது. அப்பாவின் சிதையைச் சுற்றி, தோளில் குடத்தோடு நான் நடந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் பின்னாலிருந்து ஒரு ஓட்டை போட்டார்கள். முதுகு நனைந்தது. மூன்று சுற்று முடிந்ததும், திரும்பிப் பார்க்காமல் பின்பக்கம் போட்டு உடைக்கச் சொன்னார்கள். குடம் உடம்பு என்று அன்றைக்கே யாரோ சொன்னார்கள், தலையாட்டினேன். அதில் நிறையத் தண்ணீர் இருந்தது, அது முழுக்க மண்ணில் கொட்டிய பிறகுதான் உடைத்தேன் என்பது இப்போதுதான் உறைக்கிறது. அப்பா காலி பண்ணிவிட்டுத்தான் போனார். இரண்டு தங்கைகளின் கல்யாணம், என் பி.காம். ஃபீஸ் எல்லாம் அந்தத் தண்ணீரில் முளைத்தவைதான்.

பின்னால் திரும்பி, "பாட்டு ரொம்பப் பிடிக்குமாம்மா?" என்று கேட்டேன்.

"பாட்டெல்லாம் என்னத்தக் கண்டேன் தம்பி. ஏலத்துக்குக் கோடைல ஒருவாரம் தண்ணி காட்டலேன்னா வாடிப்போயிரும். அதான் கேட்டேன்."

எஸ்டேட் கேட்டில் எல்லோரும் இறங்கினார்கள். ஏலக்காய் செடியின் அடியில், தரையை ஒட்டிக் காய்க்கும். குனிந்துதான் எடுக்க வேண்டும். அந்த அம்மா இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு குனிந்தார்.