காத்திருப்பது துணியா, ஆர்டரா?

ஆர்டர் கைக்கு வந்த நாள் முதல் சரக்கு ஒப்படைக்கப்படும் நாள் வரை ஒரு தொழிற்சாலையில் நிகழ்வன யாவற்றையும் ஒரே தாளில் வரைந்து, அதன் அடியில் ஒரு காலக்கோட்டை இட்டு, உண்மையில் வேலை நடந்த நேரம் இவ்வளவு, வெறுமனே காத்துக் கிடந்த நேரம் இவ்வளவு என்று பிரித்துக் காட்டும் உபாயத்தைத் தொழில் நிர்வாகிகள் ‘வேல்யூ ஸ்ட்ரீம் மேப்பிங்’ என்று வழங்குகிறார்கள். மதிப்போட்ட வரைபடம் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். டொயோட்டாவில் பொருளோட்டத்தையும் தகவலோட்டத்தையும் சேர்த்து வரையும் படமாகப் புழங்கி வந்த இது, 1998-இல் மைக் ரோதரும் ஜான் ஷூக்கும் எழுதிய ‘லேர்னிங் டு ஸீ’ என்னும் பயிற்சி நூலின் வாயிலாகவே உலகெங்கும் பரவியது. அந்நூலில் உதாரணத்துக்காகக் கற்பிக்கப்பட்ட ‘ஆக்மி ஸ்டாம்பிங்’ என்னும் ஆலையில், மோட்டார் வண்டிக்கான ஓர் இரும்புத் தாங்கி உள்ளே நுழைந்து வெளியேற 23.6 நாட்கள் பிடிக்கின்றன. அதன்மீது மனிதனோ இயந்திரமோ வேலை செய்யும் நேரம் 188 விநாடிதான். இவ்விரண்டு எண்களும் அருகருகே நிற்பதைக் கண்டு திடுக்கிடாத ஆலை அதிபர் இருக்க முடியாது. இம்முறையின் செல்வாக்கு முழுவதும் அந்தத் திடுக்கத்திலிருந்து பிறந்ததே.

ஆனால் அந்த 23.6 எப்படிக் கிடைத்தது என்பதைச் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். ஒரு பிரஸ்ஸிலிருந்து வெளிவந்து வெல்டிங்குக்காகக் குவிந்திருக்கும் தாங்கிகளை எண்ணுகிறார்கள், 7,000 இருக்கின்றன. வாடிக்கையாளருக்கு மாதம் 18,400, அதாவது நாளொன்றுக்கு 920 தேவை. ஏழாயிரத்தை 920-ஆல் வகுத்தால் 7.6 நாட்கள். இன்று இந்தக் குவியலின் கடைசியில் சேரும் தாங்கி 7.6 நாட்களுக்குப் பிறகே வெளியேறும் என்பது இதன் அர்த்தம். இப்படியே ஒவ்வொரு குவியலையும் நாட்களாக்கிக் கூட்டினால் 23.6 வருகிறது. ஜான் லிட்டில் 1961-இல் நிரூபித்த வரிசை விதியும் இதே கணக்கைத்தான் சொல்கிறது: தேங்கி நிற்கும் சராசரி அளவை வெளியேறும் சராசரி வேகத்தால் வகுத்தால் சராசரிக் காத்திருப்பு கிடைத்துவிடும். ஒரே மாதிரியான பொருள் நாள்தோறும் ஒரே அளவில் ஓடிக்கொண்டிருக்கும் ஆலையில் இக்கணக்கு பழுதற்றது. அத்தகைய ஓட்டம் இல்லாத இடத்தில், ஒவ்வோர் ஆர்டரும் தனித்தனியே பிறந்து தனித்தனியே முடிகிற தொழிலில், அதே கணக்கை அப்படியே பிரயோகிக்கும்போதுதான் வரைபடம் நம்மைத் தவறான திசைக்கு அழைத்துச் செல்கிறது என்பது என் அபிப்பிராயம். திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதியை எடுத்துக்கொண்டு இதைப் பரிசீலிப்போம்.

24,000 டி-ஷர்ட்டுகள், நான்கு நிறங்கள், நிறத்துக்கு 6,000 என்று ஓர் ஆர்டர் வருவதாகக் கொள்வோம். கணக்கு தெளிவாக இருக்கும்பொருட்டு நாட்களை முழு எண்களாகவே வைத்துக்கொள்கிறேன். மெர்ச்சண்டைசர் நான்கு நிறங்களுக்கும் லேப் டிப் என்னும் நிறமாதிரித் துணிகளைச் சாயமிடச் செய்து பையருக்கு அனுப்பி ஒப்புதல் பெற 14 நாட்கள். அதன்பின் நூல் வந்து சேர 6 நாட்கள், நிட்டிங்குக்கு 4. கிரே துணி சாயப்பட்டறையில் தன் முறைக்காகக் காத்திருப்பது 8 நாட்கள். சாயமேற்றிக் காம்பாக்டிங் முடிய நிறத்துக்கு இரண்டு நாளாக 8. நான்கு நிறங்களும் வந்த பிறகே கட்டிங் தொடங்குகிறது. முதல் நிறத்தை வெட்ட ஒரு நாள். நாளொன்றுக்கு 2,000 தைக்கும் லைன்களில் தையலுக்கு 12 நாட்கள். செக்கிங், அயர்னிங், பேக்கிங், பையர் தரப்பின் இறுதி ஆய்வு எல்லாவற்றுக்குமாக 7. ஆக மொத்தம் 60 நாட்கள்.

இந்த ஆலையின் முற்றத்தில் நடந்து சென்று, வழக்கப்படி குவியல்களை எண்ணி முக்கோணக் குறியிட்டு வரைபவர் முதலில் எதைக் காண்பார்? தையல் லைன்களுக்கு முன்னால் கட்டுக் கட்டாக அடுக்கப்பட்டிருக்கும் வெட்டிய துணிகளைத்தான். கட்டிங்காரர் தமது மேஜையின் வேகத்தில் வெட்டித் தள்ளியிருப்பார்; குவியல் மலைபோல் இருக்கும்; அதை 2,000-ஆல் வகுத்தால் பல நாட்கள் காத்திருப்பு என்று காலக்கோட்டில் விழும். உடனே, வெட்டுவதைக் குறைத்து நாளுக்குத் தேவையானதை மட்டும் வெட்டுங்கள் என்று ஆலோசனை பிறக்கும். அப்படிச் செய்தால் குவியல் மறையும், தரையில் இடம் மிஞ்சும், வெட்டிய பாகங்கள் கலந்துபோகும் தொல்லையும் குறையும்; இவை மெய்யான லாபங்களே. ஆயினும் ஆர்டர் ஒரு நாள்கூட முன்னதாகப் போகாது. ஏனென்றால் 24,000 உருப்படிகளை நாளுக்கு 2,000 வீதம் தைக்க 12 நாட்கள் வேண்டும். குவியல் பெரிதாயிருந்தாலும் சிறிதாயிருந்தாலும் அது மாறுவதில்லை. முதல் சட்டை காத்திருக்கவேயில்லை, கடைசிச் சட்டை பல நாட்கள் காத்திருந்தது. ஆர்டரோ கடைசிச் சட்டையோடுதான் கப்பலேறும். ஒவ்வொரு துண்டும் காத்திருந்த நேரம் வேறு, ஆர்டர் காத்திருந்த நேரம் வேறு. ஆக்மியின் தாங்கி நாள்தோறும் அனுப்பப்படுவதால் அங்கே இந்தப் பேதம் எழவில்லை. இங்கே எல்லாம் இந்தப் பேதத்திலேயே அடங்கியிருக்கிறது.

ஆர்டர் மெய்யாகவே காத்திருந்த இடங்களைக் காண வேண்டுமானால், குவியல்களை எண்ணுவதை நிறுத்திவிட்டு, முடிந்துபோன ஓர் ஆர்டரை எடுத்துக்கொண்டு அதன் தேதிகளைப் பின்னிருந்து முன்னாக ஒவ்வொன்றாய்த் தேட வேண்டும். அனுப்பும் வாசலிலிருந்து எதிர்த்திசையில் நடந்து செல்லும்படி ரோதரும் ஷூக்கும் சொன்ன உபதேசம் இங்கேதான் பொன்னானது. ‘இந்த வேலையை அன்று தொடங்கினீர்களே, முந்தின நாளே தொடங்க எது தடையாக இருந்தது?’ என்ற ஒரே கேள்வியை ஒவ்வொரு படியிலும் கேட்டுக்கொண்டு போனால், கட்டிங்கில் நிற்கும்போது முதல் விடை கிடைக்கும். முதல் நிறம் 34-ஆம் நாளே வந்துவிட்டது. நான்காவது நிறத்துக்காக 40-ஆம் நாள் வரை அது கிடங்கில் கிடந்தது. முதல் நிறம் வந்தவுடன் வெட்டி, 35-ஆம் நாளின் முடிவில் தையலுக்கு விட்டிருந்தால், நிறத்துக்கு மூன்று நாட்களாகத் தைத்துக்கொண்டே போகும்போது அடுத்தடுத்த நிறங்கள் 36, 38, 40 என்று வந்துசேரும். தையல் 53-க்குப் பதில் 47-இல் முடியும். ஒருவரும் கையை வேகமாக அசைக்காமல் ஆறு நாட்கள் மிச்சம். ஆனால் லேபிள் முதலான துணைப்பொருள்கள் அந்த முதல் நிறத்துக்கு முன்னதாக வந்திருக்க வேண்டும். ஒரே நிறத்திலும் லாட்டுக்கு லாட் சாயல் வேறுபடுமாகையால், ஒரு சட்டையின் பாகங்கள் யாவும் ஒரே லாட்டிலிருந்தே வெட்டப்பட வேண்டும்.

இரண்டாவது விடை அலுவலகத்தில் கிடைக்கிறது. இம்முறையின் தனிச்சிறப்பை நான் இங்கேதான் காண்கிறேன். பழைய செய்முறைப் படங்கள் பொருளின் பாதையை மட்டும் காட்டின. இந்த வரைபடமோ, யார் யாருக்கு எப்போது என்ன சொன்னார் என்ற தகவலின் பாதையையும் அதே தாளின் மேற்பாதியில் வரையச் சொல்கிறது. நிற ஒப்புதலுக்காகப் போன 14 நாட்களில் எந்தக் குவியலும் கண்ணில் படாது. மின்னஞ்சலில் ஒரு கடிதம் திறக்கப்படாமல் கிடப்பதற்கு முக்கோணம் போட யாருக்கும் தோன்றாது. தேதிகளை வரிசைப்படுத்திப் பார்த்தாலோ, நான்கு நிறங்களும் தயாராகும்வரை மாதிரிகள் அனுப்பப்படாமல் இருந்ததும், மூன்று நிறங்களுக்குக் கிடைத்த சம்மதம் நான்காவதற்காகக் கோப்பில் தூங்கியதும் வெளிப்படும். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. கிரே துணிக்கு நிறம் கிடையாது. நூலை வாங்கிப் பின்னுவதற்கு நிற ஒப்புதல் எதற்கு? ஒப்புதல் நடந்துகொண்டிருக்கும்போதே நூலும் நிட்டிங்கும் முடிந்துவிட்டால் பத்து நாட்கள் குறைகின்றன. முதலில் சொன்ன ஆறும் சேர, 60 நாட்கள் 44 ஆகின்றன.

இந்தப் பத்து நாள் லாபத்தை வழக்கமான வரைபடம் எப்படிப் பதிவு செய்யும் என்று பார்த்தால்தான் அதன் குறைபாடு முழுமையாகப் புலனாகும். துணி பத்தாம் நாளே தயாராகி, 14-இல் ஒப்புதல் வந்து, 22-ஆம் நாள் சாயத்தில் இறங்குகிறது. முன்பு 8 நாட்கள் காத்திருந்த கிரே துணி இப்போது 12 நாட்கள் காத்திருக்கிறது! முக்கோணம் பெரிதாகிறது, கிடங்கு நிறைகிறது, நூலில் போட்ட பணம் கூடுதல் நாட்கள் முடங்குகிறது. ஆர்டரோ பத்து நாட்கள் முன்னதாக முடிகிறது. தேக்கத்தைக் குறைப்பதையே லட்சியமாகக் கொண்டவர் இந்த மாற்றத்தைப் பின்னடைவென்று நிராகரித்துவிடுவார். பையர் துணியின் கனத்தை மாற்றினாலோ ஆர்டரை ரத்து செய்தாலோ பின்னிய துணி கையில் நின்றுவிடும் அபாயமும் உண்டுதான். அதை எடைபோட்டு முடிவு செய்ய வேண்டியவர் முதலாளி, வரைபடமன்று.

வேலை நேரத்தை மொத்த நேரத்தால் வகுத்து வரும் விகிதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். ஒரு சட்டையைத் தைக்கச் சில நிமிஷங்கள்; அதன் துணி சாய இயந்திரத்துக்குள் நூற்றுக்கணக்கான கிலோவோடு சேர்ந்து பல மணி நேரம் சுழல்கிறது. அந்த மணிகள் முழுவதையும் ஒரு சட்டையின் வேலை நேரமாக எழுதுவதா, எடைக்கு ஏற்பப் பங்கிட்டுச் சில விநாடிகளாக எழுதுவதா? எழுதுபவரின் சித்தப்படி விகிதம் பன்மடங்கு மாறிவிடுகிறது. போதாததற்கு, இயந்திரத்தை மெதுவாக ஓட்டினால் விகிதம் உயர்ந்து அழகாகத் தோன்றுகிறது. ஒரே ஆலையை இன்றும் ஆறு மாதத்துக்குப் பின்னும் ஒப்பிட இதை நம்புவதைக் காட்டிலும், மொத்த நாட்களை மட்டும் நம்புவது நல்லது.

எஞ்சியிருப்பது சாயப்பட்டறையின் முன்னால் கிடக்கும் எட்டு நாட்கள். வரைபடம் அதைக் காட்டுகிறது, காரணத்தைக் காட்டவில்லை. அங்கே இயந்திரத்தின் கொள்ளளவு, நிறத்துக்கு எத்தனை மணி என்பன குறிக்கப்படுகின்றன. வேலைகள் எவ்வளவு தாறுமாறாக வந்து சேர்கின்றன என்பதற்குப் படத்தில் பெட்டியே இல்லை. வேலைகள் ஒழுங்கின்றி வருகிற, ஒவ்வொன்றுக்கும் பிடிக்கும் நேரமும் ஒழுங்கின்றி மாறுகிற ஓர் ஒற்றை இயந்திரத்தைப் பற்றிய மிக எளிய வரிசைக் கணக்கின்படி, அது தன் நேரத்தில் 80 சதவீதம் வேலையில் இருந்தால் சராசரிக் காத்திருப்பு ஒரு வேலைக்கான சராசரி நேரத்தைப்போல் நான்கு மடங்கு. 90 சதவீதத்தில் ஒன்பது. 95 சதவீதத்தில் பத்தொன்பது. சாயக்காரர் தமது இயந்திரம் ஒருநாளும் சும்மா நிற்கக் கூடாதென்று கருதுவதும், கழுவும் செலவை மிச்சப்படுத்த வெளிர் நிறங்களை முதலிலும் அடர்நிறங்களைப் பின்னாலும் சேர்த்துப் போடுவதும், பல கம்பெனிகளின் துணி ஒரே வாசலில் நிற்பதும் சேர்ந்து அந்த எட்டு நாட்களை உண்டாக்குகின்றன. அவருக்கு அது சிக்கனம். ஏற்றுமதியாளருக்கு அது தாமதம். ரோதரும் ஷூக்குமே முதல் வரைபடத்தை ஓர் ஆலையின் வாசலுக்குள் நிறுத்திக்கொள்ளச் சொன்னார்கள். பல நிறுவனங்களைக் கடந்து வரைவதற்கு டான் ஜோன்ஸும் ஜேம்ஸ் வோமாக்கும் 2002-இல் தனி நூலே எழுத வேண்டியிருந்தது. திருப்பூரிலோ நிட்டிங்கும் சாயமும் பிரிண்டிங்கும் பெரும்பாலும் ஜாப் ஒர்க்காக வெவ்வேறு வாசல்களில் நடப்பவை. ஆகவே எட்டு நாட்களைக் குறைக்க விரும்பும் ஏற்றுமதியாளர் செய்யக்கூடியது, நிற ஒப்புதல் வருவதற்கு முன்பே சாயப்பட்டறையில் நாள் குறித்து வைப்பதும், குறித்த நாளில் துணி வராவிட்டால் சும்மா நின்ற இயந்திரத்துக்குக் கூலி கொடுக்கச் சம்மதிப்பதுமே. அந்தக் கூலி கப்பலைத் தவறவிட்டு விமானத்தில் அனுப்பும் செலவைவிடக் குறைவா என்பதை ஒவ்வோர் ஆர்டருக்கும் அவர் தனியே கணக்கிட்டுப் பார்க்க வேண்டும்.