ஒரே வீட்டில் இரண்டு ரிப்போர்ட்

ஜூன் மழை பிடித்துவிட்டால் கல்கிசையிலும் வெள்ளவத்தையிலும் காய்ச்சல்காரர் கையில் உள்ள சீட்டில் பெரும்பாலும் இரண்டு பெயர்கள் இருக்கும்: எஃப்.பீ.சீ., சீ.ஆர்.பீ. முதலாவது இரத்த அணுக்களின் எண்ணிக்கை. இரண்டாவதைப் பற்றி ஊரில் ஒரு சூத்திரம் உலாவுகிறது: கூடினால் பக்டீரியா, குறைந்தால் வைரஸ். இந்தச் சூத்திரம் எவ்வளவு தாங்கும் என்று எடைபோட, பல இடங்களில் நடப்பவற்றைக் கோத்து ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்கிறேன்.

அந்த வீட்டில் 14 வயதுப் பையனுக்கு மூன்று நாள் காய்ச்சல். சீ.ஆர்.பீ. லீற்றருக்கு 32 மில்லிகிராம். வழமையாக 5க்குள் இருக்க வேண்டியது. ‘பக்டீரியாதான்’ என்று அன்டிபயோட்டிக் தொடங்கியாயிற்று. அடுத்த நாள் காய்ச்சல் இறங்கவும் மருந்து கேட்டுவிட்டது என்று வீடே நிம்மதியானது. அதே வாரம் தாய்க்குப் பகல் இரண்டு மணிக்குக் குளிர் நடுக்கம், விலாவில் நோ. மாலை ஆறு மணிக்கு எடுத்த சீ.ஆர்.பீ. வெறும் 6. ‘வைரஸ், பனடோல் போதும்.’

இரண்டு முடிவுகளும் பிழை. பையனுக்கு டெங்கு, தாய்க்குச் சிறுநீரகத் தொற்று. ஒரே பரிசோதனை, ஒரே வீட்டில், எதிரெதிர்த் திசைகளில் ஏமாற்றியிருக்கிறது. பரிசோதனை நிலையத்தின் கணக்கில் தவறே இல்லை.

இந்தப் புரதத்தை 1930இல் நியூயோர்க்கின் ரொக்கஃபெல்லர் நிறுவனத்தில் டில்லெட்டும் பிரான்சிஸும் கண்டார்கள். நியூமோனியாக் கிருமியிலிருந்து பிரித்த ‘சி’ என்ற பொருளோடு நோயாளிகளின் இரத்தநீரைச் சேர்த்தால் வீழ்படிவு உண்டானது. நோயாளி தேறியதும் அது நின்றுபோனது. பெயரில் உள்ள ‘சி’ அங்கிருந்து வந்தது. ஆனால் அந்தக் கிருமியே இல்லாத வேறு நோயாளிகளின் இரத்தத்திலும் அதே புரதம் இருந்தது. நோய் எழுவதையும் தணிவதையும் ஒட்டி நகரும், நோயின் பெயரைச் சொல்லாது என்ற இரண்டு குணமும் ஆரம்பத்திலேயே தெரிந்தவைதான். நாம் முதலாவதை விட்டுவிட்டு, அதனிடம் இல்லாத பெயரைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

உடலில் எங்கோ ஓரிடத்தில் திசு தாக்கப்பட்டால், அங்குள்ள வெள்ளணுக்கள் இன்டர்லூக்கின்-6 போன்ற தூதுப் புரதங்களை இரத்தத்தில் விடுகின்றன. மூளையில் அவை புரொஸ்டாகிளாண்டின் என்ற பொருளைச் சுரக்கவைத்து, உடல் பேண வேண்டிய வெப்பநிலையை மேலே தள்ளுகின்றன, அதுதான் காய்ச்சல். அதே தூது ஈரலுக்கும் போகிறது. ஈரல் அல்புமின் செய்வதைக் குறைத்துக்கொண்டு சீ.ஆர்.பீ.யையும் ஃபைப்ரினோஜனையும் அள்ளிக் கொட்டத் தொடங்குகிறது. பனடோல் வெட்டுவது மூளைக்குப் போகும் கிளையை மட்டுமே. ஆறு மணித்தியாலத்துக்கொரு தடவை பனடோல் குடிப்பவரின் தெர்மோமீற்றர் அரைப் பொய் சொல்லும். ஈரலின் கிளையைப் பனடோல் தொடுவதில்லை. இந்த ஓரிடத்தில் சீ.ஆர்.பீ. காய்ச்சலைவிட நேர்மையான சாட்சி.

ஆனால் தாமதமாக வரும் சாட்சி. தூது கிடைத்து, ஈரல் புரதத்தைச் செய்து, இரத்தத்தில் அளவு தெரியும்படி சேர ஆறு மணித்தியாலத்துக்கு மேல் பிடிக்கும். உச்சத்தைத் தொட ஒன்றரை நாளிலிருந்து இரண்டு நாள். தாயின் இரத்தம் எடுத்தது நடுக்கம் தொடங்கி நான்காம் மணித்தியாலத்தில். அந்த 6க்கு ‘தொற்று இல்லை’ என்று பொருளல்ல, ‘இன்னும் கேட்காதே’ என்று பொருள். மறுநாள் மாலை அதே தாய்க்கு 168. அப்போதும் நோயின் பெயரைச் சொன்னது சிறுநீர்ப் பரிசோதனைதான்.

பையனின் 32க்கு விளக்கம் வேறு. வைரஸும் திசுவைத் தாக்கும், தூதும் போகும்; ஆகவே டெங்குவில் 20, 30 என்று ஏறுவது புதுமையல்ல. மறுபுறம் எலிக்காய்ச்சலில் நூறைத் தாண்டலாம், அது பக்டீரியாதான். பத்துக்குக் கீழேயும் நூறுக்கு மேலேயும் சூத்திரம் ஓரளவு நிற்கும். நடுவில் உள்ள அகலமான வெளியில் எது என்று சொல்ல அதற்கு வலு இல்லை, நம் ஊர்க் காய்ச்சல்களில் பல அந்த வெளியில்தான் விழுகின்றன.

சூத்திரத்தின் பக்கத்தில் சான்றே இல்லை என்று தள்ளிவிடவும் முடியாது. வடவியட்நாமின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் சுவாசத் தொற்றோடு வந்த ஈராயிரத்துக்கு மேற்பட்டவர்களை வைத்து நடந்த, 2016இல் வெளியான ஆய்வில், அன்டிபயோட்டிக் பாவனை வழமையான பிரிவில் 78 வீதம், சீ.ஆர்.பீ. பார்த்து முடிவெடுத்த பிரிவில் 64 வீதம். பெறுமதியான குறைவு. ஆனால் அவர்கள் இருமலும் தடிமனும் உள்ளவர்கள். இருமல் இல்லாத மூன்றாம் நாள் காய்ச்சலுக்கு அந்த முடிவை அப்படியே கொண்டுவர முடியாது. அங்கே எண்ணைப் பாவித்தது மருந்தைத் தவிர்க்க. பையனின் வீட்டில் அதே எண் மருந்தைத் தொடங்கப் பாவிக்கப்பட்டது.

சீ.ஆர்.பீ.க்கு நான் தயங்காமல் முழுப் புள்ளி கொடுக்கும் வேலை ஒன்று உண்டு. இரத்தத்திலிருந்து அது நீங்கும் வேகம் எந்த நோயிலும் மாறுவதில்லை; 19 மணித்தியாலத்தில் பாதி போய்விடும். ஆகவே அளவு ஏறுவதும் இறங்குவதும் ஈரலின் உற்பத்தியை மட்டுமே காட்டும். தாய்க்கு 168 இருந்த மாலை சரியான மருந்து தொடங்கியது. உற்பத்தி அந்தக் கணமே நின்றிருந்தால் 24 மணித்தியாலத்தில் 70 ஆகியிருக்க வேண்டும். வந்தது 151. மருந்து தோற்றதா? இல்லை. முதல் நாளில் ஈரல் பழைய கட்டளையை இன்னும் நிறைவேற்றிக்கொண்டிருக்கும். அந்த 151ஐ மட்டும் பார்த்து மருந்தை மாற்றுவது அவசரம். அடுத்த 24 மணித்தியாலத்தில், உற்பத்தி அடியோடு நின்றாலும் 151 இறங்கக்கூடிய ஆகக் குறைந்த அளவு 63. வந்தது 74. உற்பத்தி ஏறக்குறைய நின்றுவிட்டது, மருந்து பிடித்துவிட்டது. காய்ச்சல் அட்டவணை இவ்வளவு துல்லியமாக இதைச் சொல்லாது.

இந்தக் கணக்கு சரிவராத உடல்களும் உண்டு. ஈரல் சிதைந்தவருக்குக் கடும் தொற்றிலும் எண் ஏறாமல் போகலாம். லூபஸ் நோய் கொதித்துக்கொண்டிருக்கும்போதும் பலருக்கு அது தாழ்ந்தே நிற்கும். இன்டர்லூக்கின்-6ஐத் தடுக்கும் டொசிலிசுமாப் ஏற்றியவரிடம் காய்ச்சலும் சீ.ஆர்.பீ.யும் சேர்ந்தே வாயடைத்துப்போகும். அலகையும் பார்க்க வேண்டும்: லீற்றருக்கு 30 என்பதும் தெசிலீற்றருக்கு 3 என்பதும் ஒன்றுதான்.

ஆக என் தீர்ப்பு: அழற்சியின் அளவையும் போக்கையும் சொல்ல சீ.ஆர்.பீ. நல்லது, காரணத்தைச் சொல்ல மோசமானது. இரண்டாம் தடவை எடுத்த சீ.ஆர்.பீ.யின் பெறுமதி முதல் தடவை எடுத்ததைவிடக் கூட. காய்ச்சல் தொடங்கிய நேரம் எழுதப்படாத சீ.ஆர்.பீ. பாதி ரிப்போர்ட். டெங்குக் காலத்தில், தனியாக எடுத்த ஒரு நடுத்தர எண்ணை வைத்து டெங்குவைத் தள்ளிவிடக் கூடாது. காய்ச்சல் இறங்குவதை வைத்தும் தள்ளிவிடக் கூடாது. டெங்குவில் குருதிநாளங்கள் கசியும் ஒன்று, இரண்டு நாட்கள் பெரும்பாலும் காய்ச்சல் தணியும் வேளையிலேயே தொடங்குகின்றன.

பையனுக்கு நடந்ததும் அதுதான். ஐந்தாம் நாள் வயிற்றுநோவோடு களுபோவில ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது பிளேட்லெட் 68,000. 38ஆக இருந்த ஹிமற்றோகிரிட் 46. இரத்தத்தின் நீர் நாளங்களுக்கு வெளியே போய்க்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் சீ.ஆர்.பீ.யோடு சேர்த்து எடுத்த எஃப்.பீ.சீ. தாள் அன்றும் தாயின் பையிலேயே இருந்தது. வெள்ளணு 3,100, பிளேட்லெட் 142,000 என்று அதில் அச்சாகியிருந்தது. வட்டமிட்டிருந்ததோ மற்றத் தாளில், 32ஐச் சுற்றி.