இரண்டு பூஜ்யங்கள் சந்திக்கும் குகை

மைன்கிராஃப்ட் விளையாட்டின் 1.18 பதிப்பு 2021 நவம்பர் 30 அன்று வந்தது. அதன் பிறகு நிலத்தடியில் இறங்கியவர்களை முதலில் அசத்தியவை குகைகள்தான். கூரை எங்கேயோ இருட்டில் மறைகிற பெருங்கூடங்கள் ஒரு வகை. அவற்றின் சுவரில் வாய் திறந்து வளைந்து நெளிந்து ஓடும் ஒடுக்கமான சுரங்கங்கள் இன்னொரு வகை. முதல் வகைக்கு சீஸ் என்றும் இரண்டாவதற்கு ஸ்பகெட்டி என்றும் பெயர். இவற்றில் ஒன்றைக்கூட யாரும் கையால் வரையவில்லை. ஒரே கணக்கை வேறு வேறு இடத்தில் வெட்டியதில் கிடைத்தவை இவை.

அந்தக் கணக்குக்குச் சொந்தக்காரர் கென் பெர்லின். ‘டிரான்’ படத்தில் பணியாற்றியவர், கணினிப் படங்களின் மழமழப்பு பிடிக்காமல் பெர்லின் நாய்ஸை உருவாக்கினார். 1985-இல் அது கட்டுரையாக வெளிவந்தது. 1997-இல் ஆஸ்கர் அகாதெமியின் தொழில்நுட்ப விருதையும் பெற்றது. வெளி முழுவதையும் சம அளவுப் பெட்டிகளாகப் பிரித்து, ஒவ்வொரு மூலையிலும் ஏதோ ஒரு திசை பார்க்கும் அம்பை நட வேண்டும். அம்பு காட்டும் பக்கம் போனால் மதிப்பு ஏறும், எதிர்ப்பக்கம் போனால் இறங்கும். ஒரு புள்ளியைச் சுற்றியுள்ள எட்டு மூலைகளும் சொல்வதைச் சீராகக் கலந்தால் ஏற்ற இறக்கம் இயல்பாக வந்துவிடும். அதன்மேல் பாதி உயரமும் இரண்டு மடங்கு நெருக்கமும் உள்ள இன்னோர் அடுக்கு, அதற்கும் மேல் இன்னொன்று என்று கூட்டிக்கொண்டே போனால் மலையும் வரும், மலைமேல் பாறையும் வரும்.

இதை நிலமாக்க ஒரு வரி போதும். கடல்மட்டம் 64 என்று வைத்துக்கொள்வோம்.

```
d = fbm(x/80, y/80, z/80) + (64 - y)/32
```

`d` பூஜ்யத்துக்கு மேல் என்றால் கல், இல்லையென்றால் காற்று. `fbm` என்ற அடுக்கு நாய்ஸின் மதிப்பு -1 முதல் 1 வரை இருக்குமானால், 96-க்கு மேல் கல் நிற்க வழியே இல்லை. 32-க்குக் கீழே எல்லாம் கல்தான். நடுவில்தான் நாய்ஸின் ராஜ்யம். 80-ஆம் உயரத்தில் அது 0.5-ஐத் தாண்டினால் மட்டும் கல் நிற்கும். மேலே போகப் போக நாய்ஸ் இந்தச் சரிவை மீறி ஏறுகிற இடங்களில் பாறை வெளியே துருத்தி நிற்கும். 32-ஐ 100 ஆக்கினால் சரிவு பலவீனமாகிவிடும். துருத்தல் பெருகி, கடைசியில் ஆதாரமில்லாமல் அந்தரத்தில் தொங்கும் தீவுகள் முளைக்கும்.

சீஸ் குகைக்குத் தந்திரம் எதுவும் வேண்டாம். நாய்ஸ் ஓர் எல்லையைத் தாண்டும் இடத்தையெல்லாம் காலி செய்தால் உருண்டு திரண்ட கூடங்கள் கிடைத்துவிடும். அழகு ஸ்பகெட்டியில்தான் இருக்கிறது. நாய்ஸ் பூஜ்யமாகும் இடங்களை மட்டும் சேர்த்துப் பார்த்தால் அது கசங்கிய காகிதம்போல நெளிந்து பரவும் ஒரு தளம். அந்தத் தளத்தை ஒட்டிக் குடைந்தால் சுரங்கம் வராது, முடிவில்லாத வெடிப்புதான் வரும். ஆனால் இரண்டாவது நாய்ஸுக்கும் அப்படி ஒரு தளம் உண்டு. இரண்டு தளங்கள் வெட்டிக்கொள்ளும் இடம் கோடுதானே? அந்தக் கோட்டைச் சுற்றிக் குடைந்தால் சுரங்கம். முதல் நாய்ஸ் `a`, இரண்டாவது `b` என்றால்:

```
cave = abs(a) < 0.06 and abs(b) < 0.06
```

பெட்டியின் அளவு 40 கட்டை என்றால் சுரங்கம் ஏறக்குறைய ஐந்து கட்டை அகலத்துக்கு வரும். ஆனால் எல்லா இடத்திலும் அதே ஐந்து இல்லை. நாய்ஸ் வேகமாக மாறும் இடத்தில் சுரங்கம் ஒடுங்குகிறது. மெதுவாக மாறும் இடத்தில் தானாகவே விரிந்து அறையாகிறது. யாரும் கேட்காமலே கிடைக்கும் இந்த விரிவும் ஒடுக்கமும்தான் இந்த முறையின் உச்சம்.

இதில் ஒளிந்திருக்கும் பொறி ஒன்று பலரைச் சிக்கவைக்கும். மூலையிலிருந்து நகர்ந்தால்தான் அம்பு எதையாவது சொல்லும். சரியாக மூலையில் நிற்கும்போது அம்பு எந்தத் திசை பார்த்தாலும் மதிப்பு பூஜ்யம். `a`, `b` இரண்டும் ஒரே பெட்டிகளைப் பயன்படுத்தினால் ஒவ்வொரு மூலையிலும் இரண்டும் பூஜ்யம். ஆக, 40 கட்டைக்கு ஒருமுறை தவறாமல் ஒரு குழி. உலகத்தைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் குழிகள் வரிசை கட்டி நிற்பது தெரியும். சீட் எண்ணை மாற்றினாலும் அது போகாது. `b`-யின் பெட்டிகளை 100 பெட்டி தள்ளினாலும் போகாது, முழு எண் மூலையை மூலைமேலேயே கொண்டுபோய் உட்கார வைக்கும். 17.37 போன்ற பின்னத்தால் தள்ள வேண்டும்.

இந்தக் குகைகளுக்குத் தண்ணீர் தெரியாது. உண்மையான சுண்ணாம்புக் குகை, நீர் பாறையைக் கரைத்த வழியே போகும். நாய்ஸ் குகை காரணமில்லாமல் ஏறி இறங்கும். ஆனாலும் அடுத்த வளைவில் என்ன இருக்கும் என்று நடக்கவைப்பதில் ஸ்பகெட்டியை மிஞ்ச ஆளில்லை. எழுதிப் பார்க்க விரும்புகிறவர்கள் 0.06-இல் தொடங்கலாம். 0.01 என்றால் சுரங்கம் ஒரு கட்டையைவிடக் குறுகித் துண்டு துண்டாகிவிடும், 0.2 என்றால் மலையே சல்லடையாகிவிடும்.