மேல் வீட்டு வாசலில் முதல் பேச்சு

சத்தத்தைப் பற்றி மேல் வீட்டில் முறையிடப் போனால் முதலில் நலம் விசாரி, பிள்ளைகளின் படிப்பைக் கேள், முடிந்தால் ஒரு கிண்ணம் பாயசத்தோடு போ என்ற அறிவுரை அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இன்று வேதவாக்காகிவிட்டது. சண்டை வராமல் பேசும் கலை என்று இதைப் பாராட்டுகிறார்கள்.

வணக்கம் வேண்டும்தான். கதவைத் தட்டியதும் “என்னங்க இது, தினமும் இதே தொல்லை” என்று தொடங்குபவரிடம் யாரும் காது கொடுப்பதில்லை. சட்டத்தோடு தொடங்குவதும் உதவாது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்கு இரவு 10 முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. அதை வாசலிலேயே சொன்னால் அது மிரட்டலாகத்தான் கேட்கும்.

ஆனால் நீண்ட நலவிசாரிப்பு சொல்ல வந்த விஷயத்தையே விழுங்கிவிடுகிறது. மேல் வீட்டில் காலை ஐந்தரைக்குக் கிரைண்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். கீழ் வீட்டுக்காரர் மாலையில் போகிறார். பத்து நிமிடம் ஊர்க்கதை. கிளம்பும்போது, “தப்பா நினைச்சுக்காதீங்க, கொஞ்சம் சத்தம் வருது” என்கிறார். எந்தச் சத்தம், எப்போது என்று சொல்லவில்லை. டிவியைத்தான் அவர் சொல்கிறார் என்று நினைத்து மேல் வீட்டு அம்மாள் அதன் ஒலியைக் குறைக்கிறார். மறுநாளும் கிரைண்டர் ஓடுகிறது. “அவ்வளவு மரியாதையாச் சொல்லியும் கேக்கலையே” என்று கீழே கோபம் ஏறுகிறது. அடுத்த முறை சண்டைதான். அந்தச் சண்டைக்கு விதை போட்டதே முதல் நாளின் இனிப்பான பேச்சு.

இதில் மேல் வீட்டாரைக் குறை சொல்லவும் முடியாது. கிரைண்டரின் அதிர்வு, அது நிற்கும் தளத்தில் இறங்கி கான்கிரீட் வழியாகக் கீழ் அறையின் கூரையில் ஒலியாக வெளிப்படுகிறது. நாற்காலி இழுப்பதும் அப்படியே. மேலே சாதாரணமாகத் தோன்றுவது கீழே தூக்கத்தைக் கெடுக்கும் என்பது மேலே இருப்பவருக்குத் தானாகத் தெரிய வழியில்லை. யாராவது சொன்னால்தான் தெரியும். அதைச் சொல்லாத பணிவால் என்ன பயன்?

இப்படிச் சொல்லிப் பார்க்கலாம்: “வணக்கம் அக்கா, கீழ் வீட்லேர்ந்து வர்றேன், ரெண்டு நிமிஷம் பேசலாமா? காலைல அஞ்சரைக்குக் கிரைண்டர் ஓடுறப்போ எங்க படுக்கையறை வரைக்கும் அதிர்வு வருது. மேல உங்களுக்கு அது தெரிய வாய்ப்பில்ல. அடியில கனமா ஒரு ரப்பர் விரிப்பு போட்டுப் பாக்கலாமா? இல்லன்னா ராத்திரி எட்டு மணிக்குள்ள அரைச்சு வைக்க முடியுமா?” இதில் மரியாதை குறையவில்லை. குற்றச்சாட்டும் இல்லை. அக்கா செய்யக்கூடியது என்ன என்பதும் தெளிவாக இருக்கிறது.

பாயசம் கொடுக்க ஆசையிருந்தால் முறையீடு இல்லாத ஒரு நாளில் கொடுக்கலாம். சத்தத்தைப் பற்றிப் பேசப் போகிறவர் எந்தப் பொருள், எந்த நேரம், எந்த அறை என்ற மூன்றையும் வணக்கத்துக்கு அடுத்த வாக்கியத்திலேயே சொல்லிவிட வேண்டும்.